வருமான விகிதமா, நிலையான தொகையா?

பொதுச் செலவைத் தம்பதியர் எப்படிப் பகிர்வது? ஒருவருக்கு மாதச் சம்பளம் 40 ஆயிரம்; வருமானம் நிலையில்லாமல் போவதற்கு அஞ்சுபவர் அவர். துணைக்குச் சொந்தத் தொழில். ஒரு மாதம் 60 வரும், மறு மாதம் 10தான். பொதுச் செலவு 50.

அந்தந்த மாத வருமான விகிதப்படி பிரித்தால், நல்ல மாதத்தில் சம்பளக்காரர் 20, துணை 30. நியாயம்தான். துணையின் வருமானம் 10க்கு இறங்கும் மாதத்தில் சம்பளக்காரர் 40 தர வேண்டும். முழுச் சம்பளமும் போய்விடும். நிலையின்மைக்கு அஞ்சுபவர் தலையிலேயே அது விழுகிறது.

இன்னொரு வழி: தொழில் வரவு முழுவதும் தனிக் கணக்குக்குப் போகும். வரிக்கு ஒதுக்கியபின், அதிலிருந்து ஒன்றாம் தேதி 30 மட்டும் பொதுக் கணக்குக்கு வரும். மிஞ்சுவது மந்தமான மாதங்களுக்கு. எனக்கு இதுவே சரியாகப் படுகிறது; பயப்படுபவருக்கு வேண்டியது பெரிய தொகையல்ல, தேதி தவறாத தொகை.

ஆனால் கையிருப்பில்லாமல் தொடங்கக் கூடாது. மந்தமான மாதம் ஒவ்வொன்றும் 20 விழுங்கும்; மூன்று தொடர்ந்தால் 60. அது சேரும்வரை விகிதமே போதும். பிறகு கையிருப்பு 40க்குக் கீழே இறங்கினால், 30ஐக் குறைப்பதா, செலவைக் குறைப்பதா என்று அந்த வாரமே இருவரும் உட்கார்ந்து பேசிவிடுங்கள்.