கல்யாண ஆல்பத்துக்குப் போனில் பார்த்து ஓகே சொல்லாதீர்கள்

ஆவணியில் கல்யாணம் வைத்திருக்கும் நாகர்கோவில், தக்கலை, மார்த்தாண்டம் பக்கத்து ஆட்களுக்காக இதை எழுதுகிறேன். என் தங்கை கல்யாண ஆல்பத்துக்கு 85,000 ரூபாய் வாங்கிய ஸ்டுடியோ, கெட்டுப்போன ரீடச் வேலையை அச்சடித்துக் கையில் கொடுத்துவிட்டு, "மாப்பிள்ளை ஓகே சொன்ன பிறகுதானே பிரிண்ட் போட்டோம்" என்று கை கழுவிவிட்டது. கடை பெயரைப் போடப் போவதில்லை. ஒரு கடையோடு நிற்கிற பழக்கமும் இல்லை இது.

ஓகே வாங்கிய விதம்தான் தந்திரம். டிசைன் முடிந்ததும் பக்கங்களை வாட்ஸ்அப்பில் அனுப்பி, "நாளைக்குள்ள சொல்லுங்க, லேப்ல டைம் போயிரும்" என்றார்கள். ஆல்பத்தை விரித்தால் 12க்கு 36 அங்குலம். அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி, அதாவது 300 டிபிஐ கணக்கில் அந்த ஃபைல் 10,800 பிக்சல் அகலம் இருக்க வேண்டும். வாட்ஸ்அப்பில் சாதாரணமாக அனுப்பினால் அது சுமார் 1,600 பிக்சலுக்குச் சுருங்கிவிடும். பெரிய ஃபைலில் 500 பிக்சல் அகலமாக இருக்கும் முகம் போனில் 75 பிக்சல்கூடத் தேறாது. அதில் தோலைப் பார்த்து என்ன சொல்ல முடியும்? மச்சான் பெரிய படம் கேட்டதற்கு, "மீதிப் பணம் தந்தா பென்டிரைவில தருவோம்" என்று பதில் வந்தது.

நான் நகைக்கடை விளம்பரப் படங்களுக்கு ரீடச் செய்கிறவன். ஆல்பம் வந்த பிறகு பென்டிரைவை வாங்கி, ஒரிஜினலையும் எடிட் செய்ததையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒரு படத்தை மட்டும் சொல்கிறேன். மாத்தூர் தொட்டிப்பாலத்துக்குக் கீழே, பின்னால் உயரமான தூண்கள் தெரிய, தங்கை மட்டும் தனியாக நிற்கும் படம். ஆல்பத்தின் நடுப் பக்கம் முழுக்க அதுதான். அந்த ஒரே படத்தில் மூன்று கோளாறு. ஒவ்வொன்றும் ஒவ்வொரு விதமாகப் பார்த்தால்தான் சிக்கியது.

முதலில் முழு அளவு. ஃபோட்டோஷாப்பில் Ctrl+1 அடித்தால் 100% வரும், அதாவது படத்தின் ஒரு பிக்சலுக்குத் திரையின் ஒரு பிக்சல். அந்த நிலையில் மேல் இடது மூலையில் தொடங்கி, பட்டை பட்டையாக நகர்த்திக்கொண்டே கீழே வர வேண்டும். நெற்றியில் ஒரு துளை, ஒரு ரேகை இல்லை. பீங்கான் மாதிரி வழவழவென்று இருந்தது. கையில் மட்டும் தோலின் இயல்பான சொரசொரப்பு அப்படியே. மூக்குத்தியின் ஓரத்தில் தோல் நிறம் கசிந்து, கல் மங்கியிருந்தது. உதட்டுக்குக் கீழே தங்கைக்கு ஒரு மச்சம் உண்டு. அதை யாரும் எடுக்கச் சொல்லவில்லை. எடுத்தும் இருந்தார்கள், அதுவும் பாதியாக, சாம்பல் நிறத் தேய்ப்பாக. தலையில் வைத்த பிச்சிப்பூவில் ஒரே மொட்டுக் கொத்து இரண்டு இடத்தில் அச்சாக நின்றது. ஏதோ ஒன்றை மறைக்க பக்கத்திலிருந்ததை க்ளோன் செய்து ஒட்டியிருக்கிறார்கள். முகத்தை மென்மையாக்கும் ஆக்‌ஷனை எல்லாப் படத்துக்கும் மொத்தமாக ஓட்டிவிட்டு, ஒன்றைக்கூடத் திறந்து பார்க்காமல் லேபுக்கு அனுப்பினால் இப்படித்தான் வரும்.

சிலர் 300%, 400% என்று போய்ப் பார்ப்பார்கள். அது வேண்டாம். அந்த அளவில் நல்ல படமும் கட்டம் கட்டமாகத்தான் தெரியும். அங்கே போய்க் குறை தேடுகிற எடிட்டர்தான் முகத்தை அதிகமாகத் தேய்த்தும் வைப்பார்.

இரண்டாவது கோளாறு 100%-இல் என் கண்ணில் படவே இல்லை. இடுப்பை ஒல்லியாக்க, படத்தை ரப்பர் மாதிரி இழுத்து வளைக்கும் லிக்விஃபை கருவியில் உள்ளே தள்ளியிருந்தார்கள். பின்னால் இருந்த தூணும் கூடவே வளைந்துவிட்டது. முழு அளவில் லேப்டாப் திரையில் தூணின் ஒரு துண்டுதான் தெரியும். மேலே எங்கே போகிறது, கீழே எங்கே முடிகிறது என்று தெரியாதபோது அந்த வளைவு இயல்பான வடிவமாகவே படும். Ctrl+0 அடித்து முழுப் படத்தையும் திரைக்குள் கொண்டுவந்து, அதையும் இன்னும் சுருக்கி உள்ளங்கை அளவுக்கு ஆக்கினேன். மற்ற தூண்கள் நேராக நிற்க, அவள் இடுப்பை ஒட்டிய தூண் மட்டும் உள்ளே குழிந்து நின்றது. புடவைக் கரையும் அந்த இடத்தில் ஒரு நெளிவு நெளிந்திருந்தது. உடம்பைத் தொட்டு எடிட் செய்த படம் எதுவானாலும் பின்னால் இருக்கும் நேர்கோடுகளைத்தான் நான் முதலில் பார்ப்பேன்: தூண், கதவு நிலை, தரை டைல்ஸ், கடல் தெரியும் படமானால் அடிவானம். மச்சான் போனில் பார்த்ததும் சின்னப் படம்தானே என்று கேட்கலாம். ஆனால் அவர்கள் அனுப்பிய மாதிரியில் இந்தப் பக்கத்தின் மேல் பூ டிசைனும் பெயரும் பாதி மறைத்திருந்தன. அச்சில் அது இல்லை.

மூன்றாவதுதான் அம்மா கண்டுபிடித்தது. கண்ணாடி போடாமல் ஆல்பத்தைப் புரட்டி, "மக்கா, இது நம்ம பிள்ள மாதிரி இல்லியே, மூஞ்சி தனியா இருக்கே" என்றார். கண்ணைப் பாதி மூடிப் பார்க்கும்போது நடப்பதும் அதுதான். சின்ன விவரமெல்லாம் மங்கிப்போய் வெளிச்சமும் இருட்டும் திட்டுத் திட்டாக மிஞ்சும். அப்படிப் பார்த்தால் முகம் வெள்ளையாக ஒரு வட்டம். கழுத்தும் காதும் கைகளும் அவள் சொந்த நிறத்தில். கண்ணுக்குக் கீழே கருவளையத்தை எடுக்கிறேன் என்று கன்னத்தைவிட வெளிச்சமாக்கியதால் அங்கே இரண்டு வெள்ளைத் திட்டு. முகத்தைப் பெரிதாக்கி வைத்து அதற்குள்ளேயே வேலை பார்க்கிறவருக்குக் கழுத்து திரைக்கு வெளியே இருக்கும்; இந்த வித்தியாசம் தெரியாது. கலர் கூட்டச் சொல்லி யாரும் கேட்கவும் இல்லை. நம் ஊரில் அதைக் கேட்காமலே செய்து, சேவை என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

கண்ணைச் சுருக்கிப் பார்ப்பது மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லிவிடவும் கூடாது. ஃப்ளாஷ் முகத்தில் நேராக விழுந்திருந்தால் ஒரிஜினலிலேயே முகம் கொஞ்சம் வெளுத்திருக்கும். அதனால்தான் எடிட் செய்யாத படமும் வேண்டும் என்கிறேன். இந்தப் படத்தின் ஒரிஜினலில் முகமும் கழுத்தும் ஒரே நிறம்.

இதையெல்லாம் காட்டியபோது உரிமையாளர் மறுக்கவில்லை. "ஒரு ஷீட்டை மட்டும் மாத்த முடியாதுண்ணே, பைண்டிங்கே பிரிக்கணும், புது ஆல்பம் காசு ஆகும்" என்றார். ஒட்டிப் பிணைத்த பக்கம் என்பதால் அவர் சொன்னது உண்மைதான். அதனால்தான் அச்சுக்கு முன்பே பிடிக்க வேண்டியிருக்கிறது. தங்கைக்கு இதற்கு மேல் இழுக்க மனமில்லை. உங்களுக்கு இப்படி நடந்தால் ரசீதும் வாட்ஸ்அப் உரையாடலும் இரண்டு ஃபைல்களும் பத்திரமாக இருக்கட்டும். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் சொல்லலாம்; நாகர்கோவிலில் மாவட்ட நுகர்வோர் ஆணையமும் இருக்கிறது. கொடுத்த தொகை 5 லட்சம் வரை என்றால் அங்கே கட்டணம் கிடையாது.

சித்தப்பா மகன் கல்யாணத்துக்கு அட்வான்ஸ் கொடுக்கும்போது ரசீதிலேயே எழுதி வாங்கினோம். அச்சுக்குப் போகும் அதே அளவு ஃபைலும் ஒரிஜினலும் பார்வைக்கு வர வேண்டும். பணப் பயம் இருந்தால் குறுக்கே கடை பெயரை மெலிதாகப் போட்டுக்கொள்ளட்டும், முகத்தின் மேல் மட்டும் வேண்டாம். பார்க்க ஒரு வாரம் அவகாசம். நிறம், மச்சம், உடம்பு எதையும் கேட்காமல் தொடக் கூடாது. முதலில் போன கடையில் "அப்படியெல்லாம் வழக்கம் இல்ல" என்றார்கள். இரண்டாவது கடைக்காரர் யோசிக்காமல் கையெழுத்துப் போட்டு, அவருடைய கம்ப்யூட்டரிலேயே உட்கார்ந்து பார்த்துக்கொள்ளலாம் என்றார்.