14 மாத டீக்கடை ஃபிரான்சைஸ்: பயிற்சியும் வரவில்லை, தூளும் வரவில்லை

ஈரோட்டில் ஒரு டீக்கடை நிறுவனத்தின் ஃபிரான்சைஸ் எடுத்து 14 மாதம் ஆகிறது. ஐந்து வருட ஒப்பந்தம், கட்டணம் 3 லட்சம், ஜிஎஸ்டி தனி. கட்டணத்தைத் திருப்பிக் கேட்டுப் போன மாதம் கடிதம் அனுப்பினேன்.

இரண்டு பேருக்கு அவர்கள் மையத்தில் பத்து நாள் பயிற்சி என்று ஒப்பந்தத்தில் இருக்கிறது. நடந்தது, திறப்பு விழாவுக்கு முந்தின நாள் மதியம் ஒரு மாஸ்டர் வந்து, நாலு பாய்லர் டிகாஷன் போட்டுக் காட்டிவிட்டு ராத்திரி ரயிலுக்குக் கிளம்பியதுதான். ஒரு லிட்டர் தண்ணீருக்கு எவ்வளவு தூள் என்று கேட்டேன். “கைக்கு வந்துரும்ணே” என்றார். விளைவு, என் கடையில் காலை மாஸ்டர் போடும் டீ ஒரு ருசி, சாயங்காலம் வேறு ருசி. “நேத்து நல்லா இருந்துச்சே” என்று பாதி கிளாஸை வைத்துவிட்டுப் போனவர்கள் திரும்பி வரவில்லை. அது இன்னும் வலிக்கிறது.

தூள் கதை இதைவிட மோசம். பத்து நாளைக்கு ஒருமுறை அனுப்ப வேண்டும், நான் வெளியில் வாங்கவே கூடாது என்பது ஒப்பந்தம். மூன்றாவது லோடு 23 நாள் கழித்து வந்தது, அப்புறம் அதுவும் நின்றது. இந்த இடத்தில்தான் கவனம் வேண்டும். சத்தமில்லாமல் வெளியில் வாங்கினால் ஒப்பந்தத்தை மீறியது நாமாகிவிடுவோம். அதனால் ஒவ்வொரு முறையும், “48 மணி நேரத்தில் சரக்கு வராவிட்டால் கடையை மூடாமல் இருக்க வெளியில் வாங்குகிறேன்” என்று முதலில் மெயில் போட்டேன். பில்லை அந்த மெயிலோடு சேர்த்தே வைத்தேன். போனில் பேசியதற்கெல்லாம் இப்போது சாட்சி இல்லை.

“கட்டணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது” என்ற வரியைப் பார்த்துப் பல மாதம் பயந்துகொண்டே இருந்தேன். நாமாக விலகினால் அந்த வரி அவர்களைக் காப்பாற்றலாம், அவர்களே வாக்கை மீறியிருந்தால் ஒப்பந்தச் சட்டத்தின் 73ஆம் பிரிவில் நஷ்டஈடு கேட்க வழி உண்டு என்றார் வக்கீல். முழுத் தொகையையும் கேட்க வேண்டாம் என்றும் சொன்னார். போர்டையும் பெயரையும் 14 மாதம் பயன்படுத்தியிருக்கிறேன் அல்லவா? 60 மாதத்துக்கு 3 லட்சம் என்றால் மாதம் 5,000. 14 மாதத்துக்கு 70,000 கழித்து 2,30,000 கேட்டேன். வெளியில் வாங்கியதில் கூடுதலாக ஆன செலவைத் தனியாக எழுதினேன்.

கடிதத்தில் கோபத்தைக் காட்டவில்லை. ஒப்பந்தத்தின் பிரிவு எண், நடக்க வேண்டிய தேதி, நடந்த தேதி, அதற்கான மெயில் என்று வரிசையாகவே எழுதினேன். ஒப்புகை அட்டையோடு தபாலில் ஒன்று, மெயிலில் ஒன்று. 15 நாள் கெடு. தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் பதிலாக நடுவர் ஒருவர் தீர்ப்புச் சொல்ல வேண்டும் என்ற பிரிவு ஒப்பந்தத்தில் இருப்பதால், பதில் வராவிட்டால் அடுத்து நடுவரை நியமிக்கக் கேட்கும் நோட்டீஸ் என்பதையும் கடைசி பத்தியில் சேர்த்தேன்.

பதினோராம் நாள் போன் வந்தது. “மாஸ்டரை இப்பவே அனுப்புறோம் சார், கடிதத்தை வாபஸ் வாங்கிக்கங்க” என்றார்கள். எழுத்தில் அனுப்புங்கள் என்று கேட்டேன். அந்த மெயில் வரவில்லை, நோட்டீஸ் வக்கீல் மேசையில் தயாராகிக்கொண்டிருக்கிறது.