மளிகைக் கடைக்குச் சரக்குக் கடன்: சிசியா, மாதத் தவணையா?

சரக்குப் போட முத்ரா திட்டத்தில் 3 லட்சம் வேண்டும் என்று வங்கிக்குப் போனால், பெரும்பாலும் மாதத் தவணைக் கடனைத்தான் எடுத்து நீட்டுவார்கள். அவர்களுக்கு வேலை குறைவு, நமக்கும் கணக்கு எளிது. அதே திட்டத்தில் அதே தொகையை சிசி, அதாவது கேஷ் கிரெடிட் கணக்காகவும் கேட்டு வாங்கலாம். மளிகைக்கு சிசிதான் சரி என்பது என் கட்சி. வட்டி விகிதத்தைப் பார்த்துச் சொல்லவில்லை, பணம் திரும்பிப் போகும் விதத்தைப் பார்த்துச் சொல்கிறேன்.

காகிதங்களில் பெரிய வித்தியாசம் இல்லை. ஆதார், பான், உத்யம் பதிவு (இலவசம்தான், யாருக்கும் காசு கொடுக்க வேண்டாம்), உள்ளாட்சி உரிமம், உணவுப் பாதுகாப்புப் பதிவு, கடை வாடகை ஒப்பந்தம், வங்கிக் கணக்கு விவரம். முத்ராவில் இந்தத் தொகைக்குச் சொத்து அடமானம் கேட்கக் கூடாது. சிசிக்குக் கூடுதலாக, கடையில் எவ்வளவு சரக்கு இருக்கிறது என்று வங்கிக்கு எழுதிக் கொடுக்கும் ஸ்டாக் ஸ்டேட்மென்டும், ஆண்டுக்கொரு முறை புதுப்பித்தலும் உண்டு.

இனி திருப்பிக் கட்டும் கணக்கு. 3 லட்சம், 11 சதவீத வட்டி, 36 மாதம் என்று வைத்துக்கொண்டால் தவணை சுமார் 9,820 ரூபாய். முதல் தவணையில் வட்டி 2,750 போக மீதி 7,000 சொச்சம் அசலுக்குப் போகிறது. ஓர் ஆண்டில் இப்படி 89,000 ரூபாய் அசல் குறைந்துவிடும். கடன் குறைவது நல்லதுதானே என்று தோன்றும். ஆனால் அந்த 89,000 லாபத்திலிருந்து வராவிட்டால் பருப்பும் எண்ணெயும் வாங்க வேண்டிய பணத்திலிருந்துதான் வரும். தீபாவளிச் சரக்கு எடுக்கும் நேரத்தில் கை காலியாக இருப்பதும், தண்டல்காரரைத் தேடுவதும் இதனால்தான்.

சிசியில் மாத அசல் கிடையாது. எடுத்த தொகைக்கு எடுத்த நாட்களுக்கு மட்டும் வட்டி. அந்த மாதம் சராசரியாக 2 லட்சம்தான் பயன்பட்டது என்றால் வட்டி சுமார் 1,800 ரூபாய். விற்ற பணத்தைக் கட்டினால் பாக்கி இறங்கும், மொத்தக் கடைக்குச் செலுத்தும்போது மறுபடி ஏறும்.

இதில் இடறும் இடம் ஸ்டாக் ஸ்டேட்மென்ட். லிமிட் 3 லட்சம் என்பதால் எப்போதும் 3 லட்சம் எடுக்க முடியாது. சரக்கின் மதிப்பில் மொத்த வியாபாரிக்குத் தர வேண்டிய பாக்கியைக் கழித்து, மீதியில் நம் பங்காக விட வேண்டிய மார்ஜினையும், வழக்கமாக 25 சதவீதம், கழித்தால் வருவது டிராயிங் பவர், அதாவது அந்த நேரத்தில் எடுக்கக்கூடிய உச்சத் தொகை. பொங்கலுக்கு முன் சரக்கு 4.4 லட்சம், பாக்கி 40,000 என்றால் 3 லட்சமும் எடுக்கலாம். பொங்கல் முடிந்து சரக்கு 3 லட்சமாக இறங்கி, பாக்கி 60,000 ஆனால் எடுக்கக்கூடியது 1.8 லட்சம்தான். அப்போது கணக்கில் 2.5 லட்சம் நின்றால் 70,000 ரூபாய் மீறல்.

விற்ற பணம் சிசி கணக்குக்கே வந்திருந்தால் இந்த மீறல் வராது. கல்லாவில் ஒட்டியிருக்கும் கியூஆர் அட்டை சொந்த சேமிப்புக் கணக்கோடு இணைந்திருப்பதுதான் பல கடைகளில் கோளாறு. அதை முதலில் மாற்றுங்கள். மீறல் தொடர்ந்து 90 நாள் நின்றாலோ, 90 நாளில் வந்த வரவு வட்டிக்கே போதாவிட்டாலோ கணக்கு வாராக்கடனாகிவிடும்.

ஸ்டேட்மென்டில் எம்ஆர்பியை எழுதாதீர்கள். கொள்முதல் விலைதான் கணக்கு. காலாவதியானதும் வண்டு விழுந்ததும் சேராது. மாதாமாதம் ஒரே தொகையை எழுதிக் கொடுத்தால், ஆய்வுக்கு வருபவர் கொள்முதல் பில்லைக் கேட்ட உடனே வெளுத்துவிடும். மூன்று மாதத்துக்கு மேல் பழைய ஸ்டேட்மென்டை வைத்து எடுத்த பணத்தை வங்கி முறைகேடான பாக்கியாகவே கருதும். மாதக் கடைசி ஞாயிறு கடை மூடியபின் அரிசி மூட்டை, எண்ணெய் டின், பருப்பு, சோப்பு என்று வகைவாரியாக எண்ணி எழுதினால் போதும். ஒவ்வொரு பாக்கெட்டையும் எண்ண வேண்டியதில்லை.

மாதத் தவணையை ஒரேயடியாகத் தள்ள மாட்டேன். ஃப்ரிட்ஜ், தராசு, ரேக் வாங்க அதுதான் பொருத்தம். எழுதி வைக்கும் பழக்கமே இல்லாதவருக்கும் அதில் ஆபத்து குறைவு.

தையல் கடையில் என் வாதம் பாதி அடிபடும். அங்கே பணம் கூலியில்தான் முடங்குகிறது; நூல், லைனிங், ஜிப், பட்டன் எல்லாம் சேர்த்தாலும் சரக்கு சில ஆயிரம்தான். வாடிக்கையாளர் தைக்கக் கொடுத்த துணி அலமாரி நிறைய இருந்தாலும் அது கடைக்காரர் சரக்கு அல்ல, ஸ்டேட்மென்டில் ஏறாது. மெஷினுக்கு மாதத் தவணைக் கடன் போதும். சொந்தத் துணி வாங்கிப் பள்ளிச் சீருடை தைப்பவருக்கு மட்டும், தைத்துக் கொடுத்து பில் போட்ட வரவேண்டிய பாக்கியையும் வங்கி கணக்கில் எடுத்துக்கொள்ளுமானால், சிசி உதவும். அதை அனுமதிக் கடிதத்தில் கையெழுத்துப் போடும் முன்பே கேட்டு எழுதி வாங்கிவிடுங்கள்.