ஊசி வார்ப்பு மெசினில் ஓ.இ.இ.: ஒரு வருடத்துக்கு மேல் எழுதிப் பார்த்த அனுபவம்

களுவாஞ்சிகுடிப் பக்கம் எங்களுக்கு ஒரு சின்ன பிளாஸ்டிக் வார்ப்புப் பட்டறை இருக்கிறது. ஊறுகாய்ப் போத்தல்களுக்கான திருகு மூடிதான் பிரதான உற்பத்தி. பொலிபுரொப்பிலீன் பிளாஸ்டிக்கை உருக்கி, நான்கு கேவிட்டி, அதாவது நான்கு மூடிக்குழிகள் உள்ள மோல்டில் அடிக்கிறோம். ஒரு தடவை அடிப்பது ஒரு ஷொட், அதில் நான்கு மூடி வரும். கல்முனை, அக்கரைப்பற்றுப் பக்கம் ஊறுகாய் போடுகிறவர்கள்தான் வாங்குகிறார்கள். மெசின் அரைத் தானியங்கி முறையில் ஓடுகிறது. ஒவ்வொரு ஷொட்டுக்கும் ஒருவர் கதவைத் திறந்து மூடிகளை எடுத்துவிட்டுத் திரும்ப மூட வேண்டும்.

ஓ.இ.இ. என்பது மெசினின் மொத்தச் செயல்திறனை அளக்கும் ஒரு கணக்கு. ஜப்பானின் செய்இச்சி நகாஜிமா, மொத்தப் பராமரிப்பு முறையோடு சேர்த்து இதைப் பரப்பினார். ஓட வேண்டிய நேரத்தில் எவ்வளவு ஓடியது, ஓடியபோது எவ்வளவு வேகத்தில் ஓடியது, அடித்ததில் எவ்வளவு நல்லது என்ற மூன்று விகிதங்களைப் பெருக்கினால் ஒரு சதவீதம் வரும். அந்த ஒற்றைச் சதவீதத்தால் எனக்குப் பெரிய பயன் கிடைக்கவில்லை. மூன்றையும் பிரித்து, ஒவ்வொன்றிலும் போன நட்டத்தை மூடிகளின் எண்ணிக்கையாக மாற்றிய பிறகுதான் எங்கே கை வைக்க வேண்டும் என்று தெரிந்தது.

தொடங்கிய காலத்து ஷிப்ட் ஒன்றை அப்படியே தருகிறேன். ஷிப்ட் 480 நிமிடம். சாப்பாட்டுக்கும் தேநீருக்கும் மெசினை நிறுத்தும் 30 நிமிடத்தைக் கழித்தால் ஓட வேண்டிய நேரம் 450 நிமிடம். அன்று கரண்ட் போய் வந்ததில் 38 நிமிடமும், மூலப்பொருள் வரக் காத்திருந்ததில் 7 நிமிடமும் போயின. மெசின் ஓடியது 405 நிமிடம். ஆக முதல் விகிதம் 90 சதவீதம்.

இந்த மோல்ட் நல்ல நிலையில் இருக்கும்போது ஒரு ஷொட்டுக்கு 18 விநாடி போதும். 405 நிமிடத்தில் 1350 ஷொட், நான்கு கேவிட்டிக்கு 5400 மூடி வந்திருக்க வேண்டும். வந்ததோ 1080 ஷொட். அதிலும் ஒரு கேவிட்டியின் மரைப் பகுதி உடைந்து, அடைத்து வைத்திருந்த காலம் அது. அதனால் ஷொட்டுக்கு மூன்று மூடி வீதம் 3240 தான் கிடைத்தது. வேக விகிதம் 60 சதவீதம். அந்த 3240 இல் கழிவு 162. தர விகிதம் 95 சதவீதம். மூன்றையும் பெருக்கினால் 51.3 சதவீதம்.

இதைச் சரிபார்க்கச் சுலபமான வழி உண்டு. 450 நிமிடமும் குறையில்லாமல் ஓடியிருந்தால் 6000 மூடி. நல்ல மூடி 3078. வகுத்தால் அதே 51.3 தான் வரும். கணினியின் கணக்குத் தாளில் நல்ல மூடி F2 இலும், ஓட வேண்டிய நிமிடம் B2 இலும் இருந்தால் இந்த ஒரு வரி போதும்:

```
=F2/(B2*60/18*4)*100
```

பிரித்துப் பார்த்த விகிதங்களின் பெருக்கமும் இந்த வரியின் விடையும் பொருந்தாவிட்டால், எங்கேயோ ஒரு நட்டம் இரண்டு தடவை எழுதப்பட்டிருக்கிறது, அல்லது எழுதாமலே விடப்பட்டிருக்கிறது.

காணாமல் போன 2922 மூடிகளையும் பிரித்தால், மெசின் நின்றதால் போனது 600. கழிவில் போனது 162. மிச்சம் 2160 மூடியும் மெசின் ஓடிக்கொண்டிருந்தபோதே போனவை. பட்டறையில் எல்லோரும் கரண்டைத்தான் குறை சொல்லிக்கொண்டிருந்தோம். கரண்ட் போனால் இருட்டு, சத்தம் நின்றுவிடும், எல்லோருக்கும் தெரியும். மெசின் மெதுவாக ஓடினால் யார் கண்ணுக்கும் படாது.

அந்த 2160 இல் சரிபாதி அடைத்த கேவிட்டி. 1080 ஷொட்டிலும் ஒவ்வொரு மூடி குறைந்தது. மெசினில் இருக்கும் எண்ணி ஷொட்டை மட்டுமே எண்ணுகிறது, அதற்குக் கேவிட்டி தெரியாது. வேக விகிதத்தை ஷொட்டை வைத்துக் கணக்கிட்டால் 80 சதவீதம் என்று வரும், இந்த நட்டம் முழுவதும் மறைந்துவிடும். ஆகவே வார்ப்பு வேலையில் வேகத்தைத் துண்டுக் கணக்கில்தான் பார்க்க வேண்டும், அதுவும் மோல்ட் செய்தபோது இருந்த முழுக் கேவிட்டி எண்ணிக்கையை வைத்து. மரைப் பகுதியைத் திருத்த மோல்டைக் கழற்றிக் கொழும்புக்கு அனுப்ப வேண்டும். “மெசின் ஓடிக்கொண்டுதானே இருக்கு, அண்ணன்” என்று தம்பிமார் சொல்வார்கள், வேலையும் தள்ளிப் போகும். ஒரு ஷிப்டுக்கு 1080 மூடி என்று சுவரில் எழுதிப் போட்ட வாரமே மோல்ட் லொறியில் ஏறியது.

அடைத்த கேவிட்டிக்கு இன்னொரு பக்கமும் இருக்கிறது. நான்குக்கான பிளாஸ்டிக்கை மூன்றுக்குள் தள்ளினால் மற்ற மூன்றிலும் அழுத்தம் கூடி ஓரத்தில் பிசிறு வரும். ஷொட் அளவைக் குறைத்து, ஊசி அழுத்தம் மாறும் இடத்தையும் திரும்ப அமைக்க வேண்டும். நம் 162 கழிவில் பிசிறு விழுந்தவையும் கணிசம். தரத்தில் எழுதிய நட்டத்துக்குக் காரணம் வேகத்தில் எழுதிய இடத்தில் இருந்தது.

மற்றப் பாதி சைக்கிள் நேரம். 405 நிமிடத்தை 1080 ஷொட்டால் வகுத்தால் 22.5 விநாடி. மெசினின் திரையிலோ 21 தான் காட்டியது. இடையில் உள்ள ஒன்றரை விநாடி, மூடி ஒட்டிக்கொள்வது, கதவைத் திறந்து தட்டி எடுப்பது, பை மாற்றுவது மாதிரியான சின்னச் சின்ன நிறுத்தங்கள். தனித்தனியாக யாரும் எழுத மாட்டார்கள். கூட்டினால் அந்த ஷிப்டில் 27 நிமிடம்.

18 எப்படி 21 ஆனது என்பதுதான் எனக்கு நிறையக் கற்றுத் தந்த விஷயம். மூடி சூடாக வெளியே வந்தால் நெளியும், மரை கோணும். அப்போது மெசினில் நிற்பவர் கூலிங் நேரத்தை ஒரு விநாடி கூட்டுவார். அது நியாயமான வேலைதான். ஆனால் அதைத் திரும்பக் குறைப்பவர் யாருமில்லை. அடுத்த மாதம் இன்னொருவர் இன்னொரு விநாடி கூட்டுவார். ஏன் சூடாக வருகிறது என்று தேடியபோது மோல்டுக்குள் ஓடும் தண்ணீர் வழிகளில் உப்புப் படிந்திருந்தது. எழுவான்கரையில், கடலுக்கும் வாவிக்கும் நடுவே எங்கள் கிணறு. கேத்தலில் வெள்ளையாகப் படியும் அதே தண்ணீர்தான் மோல்டுக்கும் போய்க்கொண்டிருந்தது. உலோகத்துக்கும் தண்ணீருக்கும் நடுவே மெல்லிய படிவு இருந்தாலே வெப்பம் வெளியேறுவது மந்தமாகிவிடும்.

இதைக் கண்டுபிடிக்கப் பெரிய கருவி தேவையில்லை. மோல்டிலிருந்து வெளியே வரும் குழாயை ஒரு வாளிக்குள் விட்டு, நிரம்ப எத்தனை விநாடி என்று ஒவ்வொரு வழிக்கும் பார்த்தோம். ஒன்று மற்றதைவிடத் தெளிவாக மந்தமாக இருந்தது. உள்ளே போகும் தண்ணீருக்கும் வெளியே வரும் தண்ணீருக்கும் உள்ள வெப்ப வித்தியாசத்தையும் அளந்தோம். அது இரண்டு மூன்று பாகைக்குள் இருந்தால் நல்லது. அதைவிடக் கூடினால் ஓட்டம் போதவில்லை என்று எடுத்துக்கொள்ளலாம். சித்திரிக் அமிலக் கரைசலைச் சின்ன பம்பால் சுற்றவிட்டுக் கழுவி, பிறகு நல்ல தண்ணீரால் அலசினோம். இப்போது கூலிங் தண்ணீர் ஒரே தொட்டியில் சுற்றுகிறது, கிணற்றிலிருந்து நேரே எடுப்பதில்லை. கூலிங் நேரத்தைக் கூட்டுபவர் கொப்பியில் காரணம் எழுத வேண்டும், அடுத்த ஷிப்ட் அதைப் பழைய அளவுக்குக் கொண்டுவந்து பார்க்க வேண்டும்.

இதெல்லாம் 18 விநாடி என்ற அளவுகோலை அசைக்காமல் வைத்திருந்தால்தான் தெரியும். சென்ற மாதச் சராசரியை அளவுகோலாக வைத்தால் 21 விநாடியே சாதாரணமாகிவிடும், வேக விகிதமும் அழகாகத் தெரியும். அந்த மோல்ட், அந்த மூலப்பொருளில் ஒரு ஷிப்ட் முழுவதும் நல்ல மூடியோடு தாக்குப்பிடித்த ஆகக் குறைந்த நேரத்தைத்தான் வைக்க வேண்டும். வேக விகிதம் எப்போதாவது 100 ஐத் தாண்டினால் அளவுகோல் தவறு என்று அர்த்தம்.

கரண்ட் நட்டத்தை எழுதுவதிலும் ஒரு ஒழுங்கு வேண்டும். அன்று கரண்ட் இல்லாமல் இருந்தது 12 நிமிடம்தான், கொப்பியிலும் முதலில் 12 என்றே இருந்தது. ஆனால் பிளாஸ்டிக்கை உருக்கும் பரல் திரும்ப 200 பாகைக்கு மேல் சூடேறி, உள்ளே நின்ற பிளாஸ்டிக்கை வெளியே தள்ளி, மோல்டுக்குள் முதல் ஷொட் அடிக்கும்வரை 38 நிமிடம். முதல் ஷொட் வரை நேர நட்டம், அதற்குப் பிறகு விழும் அரைகுறை மூடிகள் தர நட்டம் என்று கோடு கிழித்துக்கொண்டோம்.

தரக் கணக்கில் இரண்டு விஷயம். கழிவை அரைத்துத் திரும்பப் போடுகிறோமே, அது எப்படி நட்டம் என்று கேட்பார்கள். பிளாஸ்டிக் திரும்பி வரும், அதை அடித்த 20 விநாடி திரும்பாது. ஆகவே முதல் தடவையிலேயே நல்லதாக வந்ததை மட்டும் நல்லது என்று எழுதுங்கள். மற்றது, பொலிபுரொப்பிலீன் மெசினை விட்டு வந்த பிறகும் சுருங்கும், பெரும்பகுதி முதல் 24 மணித்தியாலத்தில். சுடச்சுடப் போத்தலில் சரியாக ஏறிய மூடி மறுநாள் இறுகும். அதனால் தர எண்ணிக்கையை ஷிப்ட் முடிவில் பென்சிலால் எழுதி, அடுத்த நாள் காலையில் போத்தலில் போட்டுப் பார்த்த பிறகு பேனையால் எழுதுகிறோம்.

இந்த முறையில் எனக்குப் பிடிக்காததும் உண்டு. நகாஜிமாவின் 85 சதவீதத்தை எல்லோரும் இலக்காகச் சொல்வார்கள். ஒரே பொருளை மாதக் கணக்கில் அடிக்கும் தொழிற்சாலைக்கு அது சரி. எங்களைப் போல அடிக்கடி மோல்ட் மாற்றுகிற பட்டறைக்கு அது பொருந்தாது. அதை எட்ட வேண்டும் என்று நினைத்தால் மோல்ட் மாற்றாமல் ஒரே மூடியை அடித்துக்கொண்டே இருக்கத் தோன்றும், விகிதம் ஏறும், விற்காத மூட்டை களஞ்சியத்தில் ஏறும். ஓடரே இல்லாமல் மெசின் சும்மா நிற்கும் இரவும் இந்தக் கணக்கில் வராது. அதை வேறு கொப்பியில் பார்க்கத்தான் வேண்டும்.

இப்போது நான்கு கேவிட்டியும் ஓடுகின்றன. சைக்கிள் காலையில் 19 விநாடிக்குள் நிற்கிறது. பின்னேரத்தில் தொட்டித் தண்ணீர் சூடாகி ஒரு விநாடி கூடுகிறது. வடகீழ்ப் பருவமழை தொடங்கினால் அந்த வித்தியாசம் குறைகிறது. அடுத்த வெயில் காலத்துக்கு முன்னர் தொட்டிக்குக் கூரை போட்டு, காலை ஷிப்டையும் பின்னேர ஷிப்டையும் தனித்தனியாக எழுதிப் பார்க்கப் போகிறோம்.