விதியா, சொற்கொத்தா?

ஆங்கில முன்னிடைச் சொற்களைக் கற்க இரண்டு வழிகள் உண்டு. ‘இந்தப் பொருளுக்கு இந்தச் சொல்’ என்று விதி கற்பது ஒன்று. முன்வரும் சொல்லோடு சேர்த்தே, சொற்கொத்தாக மனத்தில் பதிப்பது மற்றொன்று.

நேரத்துக்கும் இடத்துக்கும் விதி போதும். கிழமைக்கு முன் ‘ஆன்’, மாதத்துக்கு முன் ‘இன்’ என்பது பொதுவாகப் பிசகாது. ஆனால் இலக்கணத் தாளில் பிழை கண்டறியும் கேள்விகள் பெரும்பாலும் வேறிடத்தில்தான் கை வைக்கும்.

பெருமை என்ற பொருளையே பாருங்கள். பெயரடையானால் ‘ப்ரவுட் ஆஃப் ஹர் வொர்க்’. பெயர்ச்சொல்லானால் ‘டேக்ஸ் ப்ரைட் இன் ஹர் வொர்க்’. வினையானால் ‘ப்ரைட்ஸ் ஹர்செல்ஃப் ஆன் ஹர் வொர்க்’. பொருள் ஏறக்குறைய ஒன்றே, முன்னிடைச் சொல்லோ மூன்று. இதை எந்தப் பொருள் விதியும் முன்கூட்டிச் சொல்லாது. ‘ஆஃப்’ என்று மட்டும் படித்தவர் ‘டேக்ஸ் ப்ரைட் ஆஃப்’ என்று எழுதி மதிப்பெண்ணை இழப்பார். ‘டிமாண்ட்’ இன்னும் கொடுமை: பெயராக ‘டிமாண்ட் ஃபார்’, வினையாகவோ கேட்கும் பொருளுக்கு முன் எதுவுமே வராது, ‘டிமாண்டட் ஃபார் எ ரீஃபண்ட்’ பிழை.

எனவே சொற்கொத்துதான் என் தேர்வு. குறிப்பேட்டில் ‘ப்ரவுட்’ என்று தனியே எழுதாமல், அந்தச் சொற்குடும்பத்தின் மூன்று வடிவங்களையும் ஒரே வரியில், ஒவ்வொன்றுக்கும் ஒரு முழு வாக்கியத்தோடு எழுதுங்கள். முன்னிடைச் சொல்லை மறைத்து வாய்விட்டுச் சொல்லுங்கள். தயங்கும் இடம் இன்னும் பதியாத இடம்.

ஒரு விதியை மட்டும் கூடவே வையுங்கள்: முன்னிடைச் சொல்லுக்குப் பின் வினை வந்தால் ‘இங்’ சேரும். ‘லுக் ஃபார்வர்ட் டு மீட்டிங் யூ’ என்பதில் ‘டு’ முன்னிடைச் சொல்லே. அங்கே ‘மீட்’ வராது.