தலைப்புக்குப் பத்து மடங்கு எடை: ஐந்து வருடம் ஓட்டிய பிறகு

ஒரு வேளாண் மாத இதழின் பழைய கட்டுரைகளுக்குத் தேடல் வசதி செய்து கொடுத்து ஐந்து வருடம் ஆகிறது. சுமார் ஒன்பதாயிரம் கட்டுரைகள். பயன்படுத்துவது ஆசிரியர் குழுவில் நான்கைந்து பேர்தான். வாசகர் யாராவது போனில் கேட்டால் "அதைப் பற்றி எப்போதோ எழுதினோமே" என்று தேடி எடுக்கவேண்டும், அவ்வளவே தேவை. அதற்கு எஸ்க்யூலைட் தரவுத்தளத்தில் இருக்கும் `fts5` என்ற முழு உரைத் தேடல் வசதி போதும் என்று முடிவு செய்தேன். அந்த முடிவில் இன்றுவரை வருத்தம் இல்லை. நான் தடுமாறியதெல்லாம் வேறு இடத்தில்: தலைப்பில் சொல் கிடைத்தால் அதற்குக் கூடுதல் மதிப்பு கொடுப்பது என்ற, பார்ப்பதற்கு ஒரு வரி வேலையில்.

`fts5`-இல் இதற்கு, பொருத்தத்துக்கு மதிப்பெண் போடும் `bm25()` என்று ஒரு சார்பு உண்டு. அட்டவணைப் பெயருக்குப் பிறகு ஒவ்வொரு நெடுவரிசைக்கும் ஓர் எடையைக் கொடுக்கலாம். தலைப்புக்குப் பத்து, உடலுக்கு ஒன்று என்று நான் எழுதியது இது:

```sql
SELECT id, thalaippu FROM katturai
WHERE katturai MATCH 'தென்னை'
ORDER BY bm25(katturai, 10.0, 1.0);
```

ஓடியது, பதிலும் வந்தது. சரி, வேலை முடிந்தது என்று போய்விட்டேன். ஏழெட்டு மாதம் கழித்து ஆசிரியர் குழுவில் இருக்கும் அக்கா கூப்பிட்டார். "தம்பி, 'மண்புழு உரம்'னு தலைப்புலேயே இருக்கிற கட்டுரை பதினாலாவதா வருது. மேல வர்றதெல்லாம் இயற்கை விவசாயப் பேட்டி. தலைப்புக்கு முன்னுரிமைன்னு சொன்னீங்களே?"

அட்டவணையின் முதல் நெடுவரிசை `id`. தேடலில் வரவேண்டாம் என்று `UNINDEXED` போட்டு வைத்திருந்தேன். எடைகளை `fts5` இடமிருந்து வலமாக அப்படியே பங்கிடுகிறது. `UNINDEXED` நெடுவரிசையும் அந்த வரிசையில் ஓர் இடத்தை எடுத்துக்கொள்ளும். ஆகவே என் பத்து போய்ச் சேர்ந்தது `id`-க்கு. தலைப்புக்குக் கிடைத்தது ஒன்று. உடலுக்கு நான் எதுவும் கொடுக்கவில்லை, கொடுக்காவிட்டால் தானாக ஒன்று. தலைப்பும் உடலும் சமம்! பிழைச் செய்தி எதுவும் வராது. எடைகள் எத்தனை கொடுத்தாலும், குறைவாகக் கொடுத்தாலும் அது புகார் செய்வதில்லை.

இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஒன்று உண்டு, அதை முதல் நாளே செய்திருக்கவேண்டும். தலைப்பின் எடையைப் பூஜ்யமாக்கி ஒருமுறை, ஆயிரமாக்கி ஒருமுறை அதே தேடலை ஓட்டிப் பாருங்கள். இரண்டிலும் வரிசை ஒன்றாகவே இருந்தால் நீங்கள் திருகும் குமிழ் வேறு எதனுடனோ இணைந்திருக்கிறது. மதிப்பெண்ணையும் அச்சிட்டுப் பார்ப்பது நல்லது. ஆனால் அது எதிர்மறை எண்ணாக வரும், -9 என்பது -4ஐவிட மேலான பொருத்தம். `DESC` போட்டு மட்டமானதை முதலில் காட்டிய பெருமையும் எனக்கு உண்டு. அது ஒரு மணி நேரத்தில் பிடிபட்டது.

சரி, எடையைச் சரியான இடத்துக்கு நகர்த்தினேன். பத்து போதுமா, இருபது வேண்டுமா என்ற கேள்வி வந்தது. அப்போதுதான் அந்த எண் உள்ளே என்ன செய்கிறது என்று படித்தேன். தலைப்பில் கிடைத்தால் மதிப்பெண் பத்து மடங்கு ஆகும் என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். அப்படி இல்லை. `fts5` முதலில் செய்வது எண்ணிக்கை: தலைப்பில் ஒருமுறை வந்த சொல்லைப் பத்துமுறை வந்ததாக எடுத்துக்கொண்டு, உடலில் வந்த எண்ணிக்கையோடு கூட்டுகிறது. அந்தக் கூட்டுத்தொகை f என்றால், சொல்லின் அரிதான தன்மையை ஒதுக்கிவிட்டுப் பார்க்கும்போது மதிப்பெண் இது:

```
f × 2.2 / (f + 1.2 × (0.25 + 0.75 × நீளம் / சராசரி நீளம்))
```

f எவ்வளவு ஏறினாலும் இந்தப் பின்னம் 2.2ஐத் தாண்டாது. ஒரு சொல் மூன்று முறை வருவதற்கும் ஆறு முறை வருவதற்கும் வித்தியாசம் தெரியும். அறுபதுக்கும் நூற்றிருபதுக்கும் தெரியாது.

ஒரு கணக்கு போட்டுப் பார்ப்போம். சராசரிக் கட்டுரை 600 சொல் என்று வைத்துக்கொள்வோம். முதல் கட்டுரை 300 சொல் துணுக்கு. 'தென்னை' தலைப்பில் ஒருமுறை, உடலில் இரண்டு முறை. இரண்டாவது 1200 சொல் பேட்டி. தலைப்பில் இல்லை, உடலில் பன்னிரண்டு முறை. எல்லா எடையும் ஒன்று என்றால் துணுக்குக்கு 1.76, பேட்டிக்கு 1.87. பேட்டி முந்துகிறது, அக்கா சொன்ன புகார் இந்த ரகம்தான். தலைப்பின் எடை 5 ஆனால் துணுக்கு 1.99க்கு ஏறி முந்திவிடுகிறது. 10 ஆனால் 2.07. 100 ஆனால் 2.18. பேட்டி எப்போதும் அதே 1.87. ஒன்றிலிருந்து ஐந்துக்குப் போனபோது கிடைத்த ஏற்றம், ஐந்திலிருந்து நூறு வரை போனாலும் கிடைக்கவில்லை.

என்னிடம் ஒரு உரைக் கோப்பு இருக்கிறது. அக்காவும் மற்றவர்களும் உண்மையாகவே தேடிய முப்பத்தைந்து தேடல்கள், ஒவ்வொன்றுக்கும் வரவேண்டிய கட்டுரையின் எண். எடையை மாற்றும்போதெல்லாம் அதை ஓட்டி, முதல் மூன்றுக்குள் எத்தனை வருகிறது என்று எண்ணுவேன். கணக்கு சொன்னதையே அதுவும் சொன்னது. 1க்கும் 5க்கும் நடுவில் நல்ல முன்னேற்றம், 5க்கு மேல் அங்கொன்றும் இங்கொன்றும் இடம் மாறியதோடு சரி. ஐந்தில் நிறுத்திவிட்டேன், பிறகு தொடவில்லை.

இடையில் வேறொரு வேலையில் எலாஸ்டிக்சர்ச் என்ற தேடல் மென்பொருளைக் கையாள வேண்டியிருந்தது. பழகிய கை, பல புலங்களில் ஒன்றாகத் தேடும் `multi_match`-இல் `title^10` என்று எழுதிவிட்டது. எழுத்து ஒன்றுபோல் இருந்தாலும் பொருள் வேறு. இங்கே ஒவ்வொரு புலத்துக்கும் தனித்தனியாக மதிப்பெண் கணக்கிட்டு முடித்த பிறகுதான் பத்தால் பெருக்குகிறது. உச்சவரம்பும் சேர்ந்து பத்து மடங்காகிறது. போதாததற்கு, `best_fields` என்ற இயல்பான முறையில் புலங்களின் மதிப்பெண்ணில் பெரியது மட்டும் எடுக்கப்படும். `tie_breaker` கொடுக்காவிட்டால் மற்றது கணக்கிலேயே வராது.

இதன் விளைவைச் சோதனைக்காக இதழின் கட்டுரைகளையே அதில் ஏற்றிப் பார்த்தபோது கண்டேன். 'தேனீ வளர்ப்பு' என்று தேடினால் முதலில் 'கோழி வளர்ப்பு', அடுத்து 'வெள்ளாடு வளர்ப்பு'. தேனீயைப் பற்றிய முழுநீளக் கட்டுரைக்கு 'மகரந்தம் சேர்க்கும் பெட்டிகள்' என்று யாரோ ரசனையாகத் தலைப்பு வைத்திருந்தார்கள். அது ஒன்பதாவது இடத்தில். இரண்டு சொல்லில் ஏதாவது ஒன்று இருந்தாலும் போதும் என்பது அங்கே இயல்பு. 'வளர்ப்பு' சாதாரணச் சொல்தான், அதற்குக் குறைந்த மதிப்புதான் கிடைக்கும்; ஆனால் அந்தக் குறைந்த மதிப்பைப் பத்தால் பெருக்கினால், உடலில் மட்டும் இருக்கும் 'தேனீ' என்ற அரிய சொல் தோற்றுப்போகிறது. எஸ்க்யூலைட்டில் இது நடக்காததற்கு இரண்டு காரணம். எல்லாச் சொல்லும் இருந்தாகவேண்டும் என்பது அங்கே இயல்பு. அப்புறம், தலைப்பில் வந்ததற்காக ஒரு சாதாரணச் சொல் தன் உச்சவரம்பை மீறிவிட முடியாது.

முதலில் எண்ணிக்கையைக் கூட்டு, பிறகு சூத்திரத்தில் போடு என்ற இந்த யோசனை புதிதல்ல. ஸ்டீபன் ராபர்ட்சன், ஹியூகோ சரகோசா, மைக்கேல் டெய்லர் மூவரும் 2004இல் எழுதிய ஆய்வுக் கட்டுரை இதைத்தான் வாதிடுகிறது: புலவாரியாக மதிப்பெண் போட்டுக் கூட்டினால் அந்த உச்சவரம்பு உடைந்துபோகும். எலாஸ்டிக்சர்ச்சிலும் 7.13 பதிப்பிலிருந்து `combined_fields` என்ற பெயரில் அதே வழி இருக்கிறது. எல்லாப் புலங்களும் உரையைச் சொற்களாகப் பிரிக்க ஒரே பகுப்பானைப் பயன்படுத்தவேண்டும், எடை ஒன்றுக்குக் குறையக்கூடாது என்ற நிபந்தனைகளோடு. அதற்கு மாற்றியதும் தேனீக் கட்டுரை மேலே வந்தது. இரண்டில் எதை வைத்துக்கொள்வது என்று கேட்டால், தலைப்பு, உடல் மாதிரி ஒரே மொழிநடையில் இருக்கும் புலங்களுக்கு நான் இதைத்தான் தேர்ந்தெடுப்பேன்.

மீண்டும் எஸ்க்யூலைட். எடை சரியான பிறகும் சில தேடல்கள் அடம்பிடித்தன. இரண்டு காரணமும் தமிழ் தொடர்பானவை.

ஒன்று, சொல்லைப் பிரிக்கும் விதம். `unicode61` பகுப்பான் எழுத்து, எண் வகைகளை மட்டும் சொல்லின் பகுதியாக எடுக்கும். நம் ஒற்றைக்கொம்பும் புள்ளியும் யூனிகோடில் 'குறி' வகை, ஆகவே அவை இடைவெளிபோல் நடத்தப்படும். 'தென்னை' என்பது த, ன, ன என்று உடையும். 'தின்ன' என்பதும் த, ன, ன! தென்னைக்குத் தேடியபோது 'ஆடு தின்ன மறுத்தால்' என்ற கட்டுரை, தலைப்பின் எடையோடு, கம்பீரமாக மேலே வந்து நின்றது. குறிகளையும் சேர்க்கச் சொன்னால் தீர்ந்தது:

```sql
tokenize = "unicode61 categories 'L* N* Co Mn Mc'"
```

அட்டவணையை மறுபடி கட்டவேண்டும், வேறு வழியில்லை.

இன்னொன்று, வேற்றுமை உருபு. இதழில் தலைப்புகள் 'தென்னையில் வெள்ளை ஈ', 'தென்னைக்கு உரம்' என்றுதான் இருக்கும். 'தென்னை' என்று தேடினால் அந்தத் தலைப்புகளில் பொருத்தமே கிடையாது. உடலில் எங்கோ வெறும் 'தென்னை' வந்திருந்தால் அந்த எண்ணிக்கைதான். பொருந்தாத சொல்லுக்கு எத்தனை எடை வைத்தால் என்ன? கடைசியில் நட்சத்திரம் போட்டு `தென்னை*` என்று தேடினால் உருபு சேர்ந்தவை கிடைக்கும். 'தென்னந்தோப்பு', 'தென்னங்கன்று' அப்போதும் விடுபடும். `தென்ன*` என்று சுருக்கினால் அவையும் வரும், எப்போதாவது தென்னவன் என்ற பெயருடைய விவசாயியின் பேட்டியும் வரும். அதைப் பொறுத்துக்கொள்கிறோம். தேடல் பெட்டியில் கடைசி ஐகாரத்தை வெட்டி நட்சத்திரம் சேர்க்கும் சிறு விதி ஒன்றை எழுதி வைத்திருக்கிறேன், மரம் செடி பெயர்களுக்கு மட்டும்.

இப்போது இருக்கும் அமைப்பு: `id`-க்கு 0, தலைப்புக்கு 5, குறிச்சொற்களுக்கு 2, உடலுக்கு 1. 'உழவர் கேள்வி பதில்:' என்று பல நூறு தலைப்புகளின் முன்னால் ஒட்டிக்கொண்டிருந்த தொடர்ப் பெயரைப் பிரித்துத் தனி நெடுவரிசையில் போட்டு அதற்கும் 0. இல்லையென்றால் 'உழவர்' என்று தேடினாலே அந்தத் தொடர் முழுவதும் மேலே வந்து உட்கார்ந்துகொள்ளும்.

மிச்சம் இருப்பது ரசனையான தலைப்புகள். 'சொன்னால் நம்பமாட்டீர்கள்' என்று ஒரு கட்டுரை இருக்கிறது, உள்ளே ஒருங்கிணைந்த மீன் பண்ணை. அதற்காக 'மாற்றுத் தலைப்பு' என்று ஒரு நெடுவரிசை சேர்த்து அதற்கும் 5 கொடுத்திருக்கிறேன். அக்கா நேரம் கிடைக்கும்போது பழைய கட்டுரைகளைத் திறந்து, வாசகர் எப்படிக் கேட்பாரோ அப்படி ஒரு வரி தட்டுகிறார். நானூறு முடிந்திருக்கிறது.