அட்டை அழைப்பிதழ் அடிக்கக் கொடுப்பவர்கள் கவனத்திற்கு: மடிப்பில் வெடித்த 400 அழைப்பிதழ்கள்

என் தந்தையாரின் மணிவிழாவிற்காக, தேக்கா வட்டாரத்தில் உள்ள ஓர் அச்சகத்தில் 400 அழைப்பிதழ்கள் கொடுத்தேன். 300 ஜிஎஸ்எம் அட்டை, வெளிப்பக்கம் முழுவதும் அடர் அரக்கு நிறம், ஏ5 அளவுத் தாளை நடுவில் மடித்தால் ஏ6. விலைப்பட்டியலில், மடிப்புக்குத் தடம் போடும் ‘கிரீசிங்’ என்று தனியாக ஒரு வரி எழுதி, அதற்கும் பணம் வாங்கியிருந்தார்கள்.

பெட்டியைத் திறந்தபோது ஒவ்வோர் அழைப்பிதழின் முதுகிலும் வெள்ளைக் கோடு ஒன்று ஓடியது. அருகில் வைத்துப் பார்த்தால் அது நேர்க்கோடும் அன்று. அரக்கு நிறம் பொடிப்பொடியாக உதிர்ந்து, அதனடியில் அட்டையின் நார்கள் கிழிந்த துணியோரம் போலச் சிலிர்த்து நின்றன. கடைக்காரரிடம் காட்டியபோது, “அடர் நிறம்னா அப்படித்தான் தம்பி, நம்ம ஊர் ஈரக் காற்று வேற” என்றார். அந்த விளக்கத்தை நம்பித்தான் பலர் வீடு திரும்புகிறார்கள் என்பதால் இதை எழுதுகிறேன். உண்மையில், ஈரம் நாரை இளக்கும். நாள் முழுதும் குளிரூட்டிய அறையில் காய்ந்து கிடக்கும் அட்டைதான் எளிதில் வெடிக்கும்.

புத்தகம் கட்டும் தொழிலில் நெடுங்காலம் இருந்த என் மாமா, ஓர் அழைப்பிதழை வாங்கி, அதன் மடிப்பு விழாத பகுதியிலிருந்து சதுரத் துண்டு ஒன்றை வெட்டினார். அதை மடித்துவிடாமல், முதலில் ஒரு பக்கமாகவும் பிறகு அதற்குக் குறுக்காகவும் மெல்ல வளைத்துப் பார்க்கச் சொன்னார். ஒரு பக்கம் இலகுவாக வளைந்தது. மறுபக்கம் விரலை எதிர்த்துத் தள்ளியது. ஆலையில் தாள் உருவாகும்போது நார்களில் பெரும்பாலானவை இயந்திரம் ஓடும் திசையிலேயே படிகின்றன. அதுதான் ‘கிரெயின்’, அதாவது நாரோட்டம். எந்தப் பக்கம் எளிதாக வளைகிறதோ, அந்த வளைவுக் கோட்டுக்கு இணையாக நார்கள் ஓடுகின்றன. மடிப்புக் கோடும் அதே திசையில் இருந்தால் நார்கள் பக்கவாட்டில் விலகி இடம் கொடுக்கும். குறுக்கே இருந்தால் ஒவ்வொரு நாரும் முறிய வேண்டியிருக்கும். என் அழைப்பிதழ்கள் 400-இலும் மடிப்பு குறுக்கே இருந்தது.

ஏன் அப்படி நேர்ந்தது என்பதை மாமா தாளில் வரைந்து காட்டினார். அச்சிட்ட தாள் 450-க்கு 320 மில்லிமீட்டர். அதன் நாரோட்டம் நீளவாக்கில். ஏ5-இன் 210 மில்லிமீட்டர்ப் பக்கத்தை அந்த நீளத்தில் வைத்தால் ஒரு தாளுக்கு நான்கு அழைப்பிதழ்கள் கிடைக்கும், 100 தாளில் வேலை முடிந்துவிடும். ஆனால் மடிப்பு நாருக்குக் குறுக்கே விழும். திருப்பி வைத்தால், வெட்டுக்கான ஓர நிறத்தையும் சேர்த்து இரண்டுதான் அடங்கும், 200 தாள் வேண்டும். நாரோட்டம் அகலவாக்கில் உள்ள தாளை வரவழைத்திருந்தால் நான்கும் அடங்கியிருக்கும், மடிப்பும் சரியாக அமைந்திருக்கும். இருந்த தாளையே போட்டுவிட்டார்கள்.

கிரீசிங்கும் செய்யப்படவில்லை. மழுங்கிய தகட்டால் அட்டையை ஒரு பள்ளத்துக்குள் அழுத்தி, மடிப்பு விழும் இடத்தில் அடுக்குகளைத் தளர்த்துவதே கிரீசிங். கத்தியால் மேற்பரப்பைக் கீறுவது அன்று. அழுத்திய பக்கம் பள்ளமும் எதிர்ப்பக்கம் மேடும் உண்டாகும். அந்த மேடு மடிப்பின் உள்ளே வர வேண்டும். என் அழைப்பிதழின் உட்புறத்தில் விரலை ஓட்டினால் மேடே தட்டுப்படவில்லை. கையால் மடித்து உருளையால் தேய்த்திருக்கிறார்கள்.

மீதமிருந்த துண்டுகளில் மை தீர்ந்த பேனாவின் முனையால், அளவுகோலை ஒட்டி நாங்களே தடம் போட்டுப் பார்த்தோம். குறுக்கு நாரில் வெடிப்பு வெகுவாகக் குறைந்தாலும் மூலைகளில் வெள்ளைப் புள்ளிகள் தெரிந்தன. நாரோட்டத்தில் தடம் போட்டு மடித்தது சுத்தமாக இருந்தது. ஆகவே தடம் போடுவது தவறான நாரோட்டத்தை ஓரளவுதான் ஈடுசெய்யும். டிஜிட்டல் அச்சின் டோனர் அட்டைக்குள் ஊறாமல் மேலேயே படர்ந்திருப்பதால், அடர் நிறத்தில் மெல்லிய மேட் லேமினேஷன் போட்ட பிறகு தடம் போடுவது இன்னும் பாதுகாப்பு.

கோட்டை மார்க்கர் பேனாவால் பூசித் தருவதாகக் கடைக்காரர் சொன்னார், நான் ஒப்புக்கொள்ளவில்லை. வளைத்த சதுரத்தையும் விலைப்பட்டியலையும் மேசைமேல் வைத்த பிறகே மறுபடி அச்சிட இசைந்தார். இம்முறை, “மடிப்பு நாரோட்டத்துக்கு இணையாக இருக்க வேண்டும், கிரீசிங் மேடு உட்பக்கம் வர வேண்டும், மடித்த மாதிரி ஒன்றைப் பார்த்த பிறகே மீதியை அச்சிட வேண்டும்” என்று ரசீதிலேயே எழுதி வாங்கினேன். மாதிரியை ஐந்து முறை திறந்து மூடி, விளக்கடியில் பிடித்துப் பார்த்து, முதுகில் நிறம் முழுதாக இருந்ததைக் கண்ட பிறகே கையெழுத்திட்டேன்.